ஐம்பது அங்குல அகலமும் ஆளின் உயரமும்

வேட்டியில் சைஸ் கிடையாது என்பதால் எல்லாருக்கும் எல்லா வேட்டியும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை தொல்லை தொடங்குவது அங்கேதான். சட்டைக்கு 38, 40, 42 என்று அளவு உண்டு. வேட்டிக்கு 4 முழம், 8 முழம் என்ற நீளக் கணக்கு மட்டும்தான். அந்த நீளம் இடுப்பைச் சுற்றிப் போகிறது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தொங்குவது துணியின் அகலம். அந்த அகலம் பெரும்பாலும் 50 அங்குலம், அதாவது 127 சென்டிமீட்டர். கட்டுபவர் ஐந்தடியானாலும் ஆறடியானாலும் தறியில் அகலம் மாறுவதில்லை.

கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்கு ஜவுளிக்கடை. கேரளம்தான், ஆனால் கடைக்கு வருகிற பாதிப் பேருக்கு மேல் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சரக்கு வருகிறது. மேற்கே திருவில்வாமலைக்குப் பக்கத்திலிருக்கும் குத்தாம்புள்ளியிலிருந்து தங்கச் சரிகைக் கரை போட்ட கசவு வேட்டி வருகிறது. அங்கே நெய்கிற தேவாங்கர்கள் மைசூர்ப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்களுடைய கைத்தறிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அதனால் எங்கள் அலமாரியில் வெளுத்த வெள்ளையும் வெளுக்காத கோரா நிறமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இப்போதெல்லாம் ஆளைவிடப் போட்டோதான் முதலில் கடைக்கு வருகிறது. 'இதே மாதிரி செட்டு வேணும்' என்று யாரோ ஒருவர் கட்டியிருக்கும் படத்தை அனுப்பிவிடுகிறார்கள். படத்திலிருக்கிற துணியைத் தேடி எடுப்பது சுலபம். அந்தத் துணி அனுப்பியவர் உடம்பில் எப்படி விழும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

என் அக்கா மகன் பெங்களூரிலிருந்து அனுப்பிய படத்தை வைத்தே சொல்கிறேன். அவன் தங்கச்சி கல்யாணம், பாலக்காட்டில் மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் கசவு வேட்டியில் வருவார்கள் என்பதால் இவனும் அதையே கட்ட ஆசைப்பட்டான். படத்தில் ஒரு மாடல் நின்றிருந்தார். அடர்நீலச் சட்டை, கோரா நிறத்தில் இரட்டை வேட்டி, கீழே கையகலக் கசவு.

"மாமா, இதே மாதிரி ஒண்ணு எடுத்து வெச்சிருங்க."

"எடுக்கலாம் மாப்ளே. மொதல்ல நீ நிக்கற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு. செருப்பு வேண்டாம். கதவு நிலைக்கு நேரா நில்லு, தலைக்கு மேல நிலையும் தெரியணும், காலுக்குக் கீழ தரையும் தெரியணும்."

"ஒசரந்தானுங்க மாமா? அஞ்சரை இருக்கும்."

அவன் சொன்னதை ஒரு ஓரமாக வைத்துக்கொண்டு படத்துக்குக் காத்திருந்தேன். போட்டோவில் உயரம் பார்க்க எனக்குக் கதவு நிலைதான் அளவுகோல். புது வீடுகளில் நிலை பொதுவாக 7 அடி, அதாவது சுமார் 210 சென்டிமீட்டர். பழைய வீடென்றால் நிலையை ஒரு தடவை டேப்பில் அளந்து சொல்லச் சொல்லிவிடுவேன். ஆள் நிலையை ஒட்டியே நிற்க வேண்டும். இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றால் கேமராவுக்குக் கிட்டே வந்துவிடுவார், நிலையைவிடப் பெரிதாகத் தெரிவார், கணக்கு கெட்டுவிடும். போனைப் பிடிப்பவரும் பத்தடி தள்ளி நின்று, போனை நிற்பவரின் தொப்புள் உயரத்தில் சாய்க்காமல் பிடிக்க வேண்டும். முட்டி உயரத்தில் வைத்து மேல்நோக்கிச் சாய்த்து எடுத்தால் கால் நீண்டு தலை சிறுத்துப் போகும். தலைக்கு மேலிருந்து எடுத்தால் நேர்மாறு. 0.5 என்று காட்டும் அகல லென்ஸ் வேண்டவே வேண்டாம், படத்தின் ஓரங்களை அது இழுத்துவிடும்.

அவன் படத்தைத் திரையில் பெரிதாக்கி ஸ்கேல் வைத்து அளந்தேன். நிலை 14 சென்டிமீட்டர், அவன் 10.9. 210-ஐ 14-ஆல் வகுத்தால் 15. அதை 10.9-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 164 சென்டிமீட்டர். ஐந்தடி நாலரை அங்குலம். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம், வேட்டிக்கு அது பெரிய விஷயமில்லை.

இந்த உயரத்திலிருந்து வேட்டிக்கணக்கு தொடங்குகிறது. பெரும்பாலான ஆண்களுக்குத் தொப்புள் இருப்பது உயரத்தில் ஐந்தில் மூன்று பங்கில். 164-க்கு அது 98 சென்டிமீட்டர். வேட்டியின் கீழ்க்கரை தரையைத் தொடாமல் 4 சென்டிமீட்டர் மேலே நின்றால்தான் மண்டபத்துப் படியேறும்போது மிதிபடாது. ஆக அவனுக்குத் தொங்க வேண்டியது 94. துணி 127. மிச்சம் 33 சென்டிமீட்டர் துணியை இடுப்பில் எங்காவது ஒளித்து வைத்தாக வேண்டும். அந்த மாடல் ஆறடி இருப்பார் என்று வைத்துக்கொண்டால், 183-க்குத் தொப்புள் 110, தொங்குவது 106, மிச்சம் 21தான். இரண்டு சுருட்டு சுருட்டினால் தீர்ந்துவிடும்.

குள்ளமானவர்கள் வேட்டி கட்டினால் இடுப்பு மொத்தையாகத் தெரிவதற்குக் காரணம் இந்த 33 சென்டிமீட்டர்தான். வயிறு என்று நினைத்துக்கொள்கிறார்கள், பாதி நேரம் அது துணி. அத்தனையையும் சுருட்டியே தீர்த்தால் இடுப்பைச் சுற்றி ஒரு வளையம் நிற்கும். சட்டைக்கு மேலேயும் அது புடைத்துத் தெரியும். நான் சொல்லித்தருவது வேறு. கட்டுவதற்கு முன்பே வேட்டியைக் கட்டிலில் விரித்து, மேல்கரைப் பக்கம் நீளம் முழுக்க 22 சென்டிமீட்டர் உள்பக்கமாக மடித்து, அந்த மடிப்பின் மேல் இஸ்திரி போட்டுவிட வேண்டும். இப்போது கையில் இருப்பது 105 சென்டிமீட்டர் அகல வேட்டி. ஆறடிக்காரர் கட்டுவது போலவே கட்டி, ஐந்தரை சென்டிமீட்டர் அளவில் இரண்டே சுருட்டு. 11 சென்டிமீட்டர் அதில் போய்விடும், 94 தொங்கும். மடித்த பாகம் தட்டையாக இடுப்பெலும்பின் மேல் படிந்து கிடக்கும். பெல்ட் போடுவதானால் சுருட்டுக்குக் கீழே போட்டுச் சுருட்டை அதன் மேல் இறக்கிவிடலாம்.

ஒற்றையா இரட்டையா என்பதையும் இதே கணக்குதான் முடிவு செய்கிறது. 4 முழ ஒற்றை வேட்டி 1.80 மீட்டர் அல்லது 2 மீட்டர் நீளம். 8 முழ இரட்டை அதைப்போல இரண்டு மடங்கு, பாதியாக மடித்துக் கட்டுவது. அவன் இடுப்பு 88 சென்டிமீட்டர், அதனால் எப்படியும் இரண்டு சுற்று வரும். ஒற்றையில் இடுப்பில் இரண்டு அடுக்கு, நான் சொன்ன உள்மடிப்போடு நாலு. இரட்டையில் நாலு, மடித்தால் எட்டு. அதற்கு மேல் சுருட்டு வேறு. எட்டடுக்குத் துணியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் தட்டையாக நிற்காது. இரட்டை வேட்டி உயரமானவர்கள் கட்டினால் கனமாக, நேராக விழும். அந்த விழல் அழகுதான், அதைக் குறை சொல்லவில்லை. இவனுக்கு நான் எடுத்தது ஒற்றை. 'உள்ளே தெரியுமே' என்று கேட்டான். சுற்று இரண்டு வருவதால் காலின் மேல் எப்படியும் இரண்டு அடுக்கு இருக்கிறது. உள்ளே போடுவது வெள்ளையாகவோ தோல் நிறத்திலோ இருந்தால் போதும். கட்டம் போட்ட கலர் டிரவுசர்தான் பிளாஷ் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். நூலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நூல் நம்பர் கூடக்கூட நூல் மெலிசு. ஒற்றை வாங்கும்போது ரொம்ப மெலிசுக்குப் போகாமல் 80ஆம் நம்பரில் நின்றுகொள்வது என் வழக்கம்.

கசவின் அகலம் பற்றி அவனுக்கும் எனக்கும் கொஞ்சம் பேச்சு நடந்தது. மாடல் கட்டியிருந்தது மூன்று, நாலு அங்குலக் கசவு. தொங்குகிற 106 சென்டிமீட்டரில் அந்தக் கரை 10 சென்டிமீட்டர். சட்டைக்குக் கீழே இன்னும் நிறைய வெற்றுத் துணி இருப்பதால் பாரமாகத் தெரியவில்லை. இவனுக்குச் சட்டைக்குக் கீழே தெரியப்போவதே முக்கால் மீட்டர்கூட இல்லை. அதில் அதே கரை வந்தால் பார்க்கிற கண் கணுக்காலில் போய் நின்றுவிடும். முக்கால் அங்குலக் கசவு எடுத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு தங்கக் கோடு, அவ்வளவுதான். கசவை மட்டும் போட்டோ பார்த்து முடிவு செய்யவே கூடாது. பிளாஷ் அடித்தால் வெள்ளி போல வெளுத்துவிடும், நிழலில் எடுத்தால் செம்பு போலக் கறுத்துவிடும். பகலில் ஜன்னலோரம், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்த படத்தில்தான் கசவின் நிஜ நிறம் தெரியும்.

சட்டைக்கு வருகிறேன். பேன்ட்டுக்குப் போடும் சட்டையை அப்படியே வேட்டிக்குப் போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. பேன்ட்டில் உள்ளே சொருகிவிடலாம், நீளம் தெரியாது. வேட்டியில் சட்டை வெளியே தொங்குகிறது. அதன் கீழோரம் உடம்பை இரண்டாகப் பிரிக்கும் கோடு. அந்தக் கோடு எந்த உயரத்தில் விழுகிறது என்பதைப் போட்டோவில் அளந்தே சொல்லிவிடலாம். மாடல் படத்தில் தரையிலிருந்து சட்டையோரம் வரை அளந்து, மொத்த உயரத்தால் வகுத்தேன். 0.44 வந்தது. படத்தின் அழகுக்குப் பாதிக் காரணம் அந்த எண். 30 அங்குலச் சட்டை ஆறடி ஆளுக்கு அங்கேதான் விழும். அதே 30 அங்குலச் சட்டையை அக்கா மகன் போட்டால் ஓரம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டரில் விழும், 0.40 ஆகிவிடும். கால் குட்டையாகத் தெரியும். அவனுக்கும் 0.44 வேண்டுமென்றால் ஓரம் 72-இல் நிற்க வேண்டும். அதற்குச் சட்டை 27 அங்குலம்.

கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லுங்கள். விரல்கள் தொடங்குகிற கணு எங்கே இருக்கிறதோ அதற்குக் கீழே சட்டை போகக் கூடாது. மணிக்கட்டுக்கு மேலே ஏறினால் சுருட்டு வெளியே தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் சரி. உயரம் குறைந்தவர்களுக்குக் கணுவுக்குக் கொஞ்சம் மேலே நிற்பது இன்னும் நல்லது. 27-இல் ரெடிமேட் சட்டை சுலபமாகக் கிடைக்காது, தைக்கத்தான் வேண்டும், அல்லது 29 வாங்கி டெய்லரிடம் கீழே வெட்டச் சொல்ல வேண்டும். வெட்டும்போது ஓரம் நேராக இருக்கட்டும், இரண்டு பக்கமும் இரண்டங்குலம் பிளவு விட்டுவிடலாம். வளைந்த ஓரம் வைத்த சட்டை பக்கவாட்டில் மேலே ஏறியிருக்கும். வேட்டியின் சுருட்டும் உள்ளே மடித்த துணியின் முனையும் அங்கேதான் எட்டிப் பார்க்கும். நான் சொன்ன 22 சென்டிமீட்டர் உள்மடிப்பு, தொப்புளிலிருந்து 26 சென்டிமீட்டர் கீழே போகும் இந்தச் சட்டைக்குள் அடங்கிவிடும். இரண்டு அளவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், தனித்தனியாக அல்ல.

சுற்றளவில் ஒன்று மட்டும் சொல்கிறேன். வேட்டி கீழே விரிந்து விழுகிற உடை. மேலே சட்டையும் லூசாக விரிந்தால் கூடாரம் போலத் தெரியும். தோள்தையல் தோளெலும்பின் மேலேயே நிற்க வேண்டும், வயிற்றில் நாலு விரல் இடம் போதும். பக்கவாட்டுப் போட்டோ ஒன்று கேட்பது இதற்காகத்தான். முன்னாலிருந்து எடுத்த படத்தில் வயிறு தெரியாது, முன்பக்கம் சட்டை தூக்கிக்கொண்டு பின்பக்கத்தைவிட ஏறி நிற்பதும் தெரியாது.

அடர்நீலத்தை ஏன் வேண்டாமென்றேன் என்று அவன் கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை கேட்டுக்கொண்டிருந்தான். வண்ணத்தில் குறையில்லை. கோராவும் நீலமும் நன்றாகவே சேரும். ஆனால் அடர்நிறத்துக்கும் வெளிர்நிறத்துக்கும் நடுவில் விழும் கோடு கத்தியால் கீறியது மாதிரி இருக்கும். ஆறடி ஆளுக்கு அந்தக் கோட்டுக்குக் கீழே நீளம் மிச்சமிருக்கிறது. இவனுக்கு அந்தக் கோடு இருக்கிறதே தெரியாமலிருப்பது நல்லது. போனிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். படத்தை எடிட் பண்ணிக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். சட்டையும் வேட்டியும் பக்கத்துப் பக்கத்துச் சாம்பல் நிறங்களாக மாறினால் உடம்பு ஒரே நீளமாகத் தெரியும். சட்டை கறுத்துப்போய் வேட்டி வெளுத்து நின்றால் உடம்பு இரண்டு துண்டு. கலரில் பார்க்கும்போது நம் கண் நீலம், பச்சை என்று நிறத்தின் பின்னால் போய்விடுகிறது. கறுப்பு வெள்ளையில்தான் எது அடர்த்தி எது வெளிச்சம் என்று பளிச்சென்று தெரிகிறது.

அப்படியானால் வெள்ளைச் சட்டையே போட்டுவிடலாமே என்று தோன்றும். கோரா வேட்டிக்கு அது ஆகாது. வெளுத்த வெள்ளைத் துணியில் சேர்க்கும் பளபளப்பு மருந்தும் வீட்டில் போடும் நீலமும் சட்டைக்கு லேசான நீல ஒளியைத் தருகின்றன. வெளுக்காத பருத்தியின் இளமஞ்சள் அதன் பக்கத்தில் வந்தால், புது வேட்டிகூடத் துவைக்காத பழைய வேட்டி போலத் தெரியும். வெள்ளைச் சட்டைக்கு வெளுத்த வேட்டி. கோரா வேட்டிக்கு, கோராவைவிட ஒரு படி அடர்ந்த நிறத்தில் சட்டை. அதே கோராவிலேயே சட்டை தேடுவதையும் நான் தவிர்க்கச் சொல்வேன். இரண்டு துணியும் ஒரே தறியிலிருந்து வந்திருந்தாலொழிய நிறம் நூலிழை வித்தியாசப்படும், அந்தச் சின்ன வித்தியாசம்தான் பெரிதாக உறுத்தும். அவனுக்குச் சந்தன நிறத்தில் ஒரு சட்டைத் துணி வெட்டினேன். கறுப்பு வெள்ளையில் அது வேட்டிக்கு அடுத்த சாம்பலாக வந்தது. மாநிறத்துக்கும் எடுப்பாக இருந்தது.

கோராவா வெளுத்ததா என்று போட்டோவில் ஏமாறுவது ரொம்ப சுலபம். மஞ்சள் பல்பின் கீழே எடுத்தால் வெளுத்த வேட்டிகூடக் கோராவாகத் தெரியும். மேகமூட்டத்தில் எடுத்தால் கோரா வெளுத்துப்போகும். போன் தானாகவே நிறத்தைச் சரிசெய்வதால் ஒரே வேட்டி இரண்டு படத்தில் இரண்டு நிறம் காட்டும். அதனால் வேட்டியின் மேல் ஒரு ஜெராக்ஸ் பேப்பரை வைத்து எடுத்து அனுப்பச் சொல்வேன். தாளும் துணியும் ஒரே நிறமாகத் தெரிந்தால் வெளுத்தது. தாளுக்குப் பக்கத்தில் துணி மஞ்சளாகத் தெரிந்தால் கோரா. பல்பு என்ன நிறமாக இருந்தாலும் இந்த ஒப்பீடு பொய் சொல்லாது. பழைய வேட்டிக்குப் புதுச் சட்டை எடுக்க வருகிறவர்களும் இதைச் செய்யலாம்.

செல்ஃபி அனுப்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சில போன்களில் முன் கேமரா படத்தை இடவலமாக மாற்றிவிடும். சட்டைப்பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பை உடுத்தியவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும், அதாவது பார்க்கிற நமக்கு வலப்பக்கம். மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது, வேட்டியின் வெளிமுனையும் மாறிய பக்கத்தில்தான் தெரியும். எங்கள் பக்கம் இது சின்ன விஷயமில்லை. கேரளத்தில் வேட்டியை எந்தப் பக்கம் முடிப்பது என்பதில் முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் வழக்கம் வேறு வேறு. திரும்பிய படத்தைப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனால் மண்டபத்தில் பெரியவர் யாராவது நிறுத்திக் கேட்பார்.

துணி வந்ததும் கட்டிப் பார்த்து மறுபடி ஒரு படம் அனுப்பினான். அதில் கீழ்க்கரையை மட்டும் பார்த்தேன். வெளிமுனை விழுகிற மூலை தரையை நோக்கி இறங்கியிருந்தது. பெரும்பாலும் எல்லாருக்கும் அப்படித்தான் இறங்கும், கடைசிச் சுற்றை இழுத்துச் சொருகும்போது துணி சரிந்துவிடும். அந்த மேல்மூலையைச் சொருகும் முன் இரண்டு விரல் மேலே தூக்கிச் சொருகச் சொன்னேன். கஞ்சியையும் குறைக்கச் சொன்னேன். கஞ்சி கனத்த வேட்டி உடம்போடு விழாமல் கீழே விரிந்து நிற்கும். உயரமானவர்கள் தாங்குவார்கள். புதுக் கசவு வேட்டியில் ஏற்கெனவே கஞ்சி இருக்கும், ஒரு தடவை தண்ணீரில் அலசி முறுக்காமல் நிழலில் காயப்போட்டால் பாதி இறங்கிவிடும். பருத்தி கொஞ்சம் சுருங்கும். இவனுக்கு மிச்சமே 33 சென்டிமீட்டர் என்பதால் அதில் நஷ்டமில்லை. ஆறடிக்கு மேல் இருப்பவர்கள் மட்டும் வாங்கும்போதே டேப் வைத்து அகலத்தை அளந்துவிடுவது நல்லது. மலிவுச் சரக்கில் 50 அங்குலம் என்று சொல்லி 47 இருப்பதுண்டு. துவைத்தபின் அவர்களுக்குச் சுருட்டத் துணி மிஞ்சாது.

கடைசியாக அவன் கேட்டது பந்தி பரிமாறும்போது மடிச்சுக் கட்டுவது பற்றி. தொங்குகிற 94-ஐ முட்டிக்கு மேலே பாதியாக மடித்தால் 47 சென்டிமீட்டர். இடுப்பிலிருந்து 26 சென்டிமீட்டரைச் சட்டை மறைக்கிறது. வேட்டி 21 சென்டிமீட்டர் தெரியும், ஒரு சாண். 30 அங்குலச் சட்டையென்றால் அதில் 7 போய், 14 சென்டிமீட்டர்தான் வெளியே நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு வெறும் சட்டை போட்டுக்கொண்டு வருவது போலிருக்கும். 27 அங்குலச் சட்டை தைத்ததில் இன்னொரு லாபம் இது. மடிக்கும்போது கரையை இடுப்பு வரை இழுக்காமல், சுருட்டுக்கு மூன்று விரல் கீழேயே நிறுத்தி ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். துணி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும், குனிந்து சாம்பார் ஊற்றும்போதும் பின்பக்கம் ஏறாது.